வெட்டிய ஓரம் எங்கே போகிறது?

1960 மார்ச் 5, ஹவானா. முந்தைய நாள் துறைமுகத்தில் லா கூப்ர் என்ற சரக்குக் கப்பல் வெடித்ததில் இறந்தவர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. ‘ரெவலூசியோன்’ நாளிதழுக்குப் படமெடுக்க வந்திருந்த ஆல்பெர்த்தோ கோர்தா, மேடையின் முன்பக்கம் சில நொடிகள் வந்து நின்ற சே குவேராவை அடுத்தடுத்து இரண்டு முறை படம் பிடித்தார். சட்டைகளிலும் சுவர்களிலும் இன்றுவரை நாம் பார்க்கும் சேயின் முகம் அவற்றில் ஒன்றிலிருந்து வந்ததுதான்.

பிலிமில் பதிந்திருப்பதோ அகலவாட்டில் உள்ள ஒரு படம். சேயின் ஒரு பக்கம் வேறொருவரின் பக்கவாட்டு முகம் தெரிகிறது. மறுபக்கம் பனையோலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிண்ட் போடும்போது கோர்தா இரண்டையும் விலக்கிவிட்டு, நடுவில் உள்ள முகத்தை மட்டும் உயரவாட்டில் எடுத்துக்கொண்டார். அவர் விலக்கிய மனிதரும் ஓலைகளும் எப்படி இருந்தன என்று இன்று நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம், நெகட்டிவில் கத்தி படவே இல்லை என்பதுதான். பிரிண்டில் போன ஓரம் பிலிமில் அப்படியே இருந்தது.

பிலிம் காலத்தில் கிராப் செய்வது எப்போதும் இப்படித்தான் நடந்தது. இருட்டறையில் நெகட்டிவை என்லார்ஜரில் பொருத்தி, விளக்கு போட்டால், கீழே உள்ள பலகையில் படம் முழுதாக விழும். தாளைப் பிடித்திருக்கும் சட்டத்தின் தகடுகளை நகர்த்தி, எந்தப் பகுதி தாளில் பதிய வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அடுத்த பிரிண்டுக்கு வேறு அளவு வேண்டுமானால் தகடுகளை வேறு இடத்துக்குத் தள்ளினால் போதும். பத்திரிகை அலுவலகங்களில் இதைவிட எளிய வழி இருந்தது. பிரிண்டின் மேலேயே மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, இதற்குள் இருப்பது மட்டும் அச்சாகட்டும் என்று காட்டிவிடுவார்கள். கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு வேறு கோடு போடலாம். மூலம் ஒன்று, அதிலிருந்து எடுக்கும் படம் வேறொன்று என்ற பிரிவினை அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருந்தது.

டிஜிட்டல் வந்தபோது இந்தப் பிரிவினை கலைந்தது. கேமராவிலிருந்து வரும் ஜேபெக் கோப்பே நெகட்டிவ், அதுவே பிரிண்ட். அதைத் திறந்து, வேண்டிய பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டு, கிராப் செய்து, அதே பெயரில் சேமித்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம் இருக்கும். மொத்தம் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். அகலத்தை 5000 ஆகக் குறைத்தால் 40 லட்சம் பிக்சல்கள் கட்டத்துக்கு வெளியே விழுகின்றன. சேமிக்கும்போது மென்பொருள் மிச்சமுள்ள 2 கோடியை மட்டும் புதிதாகச் சுருக்கி, பழைய கோப்பு இருந்த இடத்தில் எழுதுகிறது. அந்த 40 லட்சத்தின் நிறம் என்ன, ஒளி என்ன என்ற தகவல் புதிய கோப்பில் எந்த வடிவிலும் இல்லை. படத்தை மூடும்வரை கணினியின் நினைவகத்தில் பழைய நிலை இருப்பதால் Undo அழுத்தினால் திரும்பும். மூடிய பிறகு அந்த வழியும் அடைபடும். ஒவ்வொரு சேமிப்பிலும் ஜேபெக் மறுபடி சுருக்கப்படுவதால், வெட்டாமல் விட்ட பகுதியும் கொஞ்சம் தரம் இழக்கிறது.

பழைய பிரிவினையை மறுபடி கொண்டுவந்தவை, ஒளிப்படக்காரர்களுக்காகவே எழுதப்பட்ட மென்பொருள்கள். ஆப்பிளின் அபெர்ச்சர் 2005-ல் வந்தது, அடோபியின் லைட்ரூம் 2007-ல். இரண்டும் முக்கியமாக ரா கோப்புகளை மனதில் வைத்து உருவானவை. ரா கோப்பு என்பது சென்சார் பதிந்த ஒளி அளவுகளின் தொகுப்பு. அது இன்னும் படமாக ஆகவில்லை. அதைத் திரையில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் நிறம் சேர்த்து, வெளிச்சம் திருத்தி, ஒரு படமாக ஆக்கியே தீர வேண்டும். தவிர, பெரும்பாலான கேமரா நிறுவனங்கள் தமக்கென ஒரு ரா வடிவம் வைத்திருக்கின்றன. அதற்குள் வெளி மென்பொருள் கைவைத்து எழுதுவது ஆபத்து. ஆகவே இந்த மென்பொருள்கள் மூலக் கோப்பைப் படிக்க மட்டுமே செய்யும். அதன் பிக்சல்கள்மேல் எதையும் எழுதுவதில்லை என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தன. நீங்கள் செய்யும் திருத்தங்கள் எல்லாம் வேறோர் இடத்தில் குறிப்புகளாகச் சேரும். வெளிச்சத்தை ஏற்றியது ஒரு குறிப்பு, நிறத்தை மாற்றியது ஒரு குறிப்பு, ஓரத்தை வெட்டியதும் ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பைக் கண்ணால் பார்க்க முடியும். லைட்ரூமில் ஒரு ரா படத்தின் அகலத்தை நடுவாக 5000 பிக்சலுக்கு கிராப் செய்து, குறிப்புகளைத் தனிக் கோப்பாக எழுதச் சொன்னால், படத்தின் பக்கத்திலேயே அதே பெயரில் `.xmp` என்று முடியும் சிறு கோப்பு ஒன்று தோன்றும். நோட்பேடில் திறந்து பார்த்தால் பல வரிகளுக்கு நடுவே இவை இருக்கும்:

```
crs:HasCrop="True"
crs:CropTop="0"
crs:CropLeft="0.083333"
crs:CropBottom="1"
crs:CropRight="0.916667"
crs:CropAngle="0"
```

கிராப் என்பது மொத்தமே இவ்வளவுதான். முதல் வரி கிராப் உண்டு என்கிறது. மேல் விளிம்பு 0, கீழ் விளிம்பு 1 என்றால் உயரத்தில் எதையும் விலக்கவில்லை என்று பொருள். இடது விளிம்பு 0.083333 என்பது மொத்த அகலத்தில் அந்தப் பங்கு தள்ளித் தொடங்கு என்பது. 6000-ல் அது 500 பிக்சல். வலது விளிம்பு 0.916667, அதாவது 5500-வது பிக்சலில் நிறுத்து. கடைசி வரி, படத்தைச் சாய்க்கவில்லை என்பதைச் சொல்கிறது. பிக்சல் எண்ணிக்கையை எழுதாமல் பின்னமாக எழுதியிருப்பதில் ஒரு நுட்பம் உண்டு. லைட்ரூம் சில சமயம் மூலப்படம் பக்கத்தில் இல்லாதபோது, நீண்ட பக்கம் 2540 பிக்சல் மட்டுமே உள்ள சிறிய பிரதி ஒன்றை வைத்து வேலை செய்யவிடும். பின்னமாக எழுதிய குறிப்பு சிறிய பிரதிக்கும் பொருந்தும், பெரிய மூலத்துக்கும் பொருந்தும்.

படத்தைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் மென்பொருள் மூலத்தைப் படித்து, குறிப்புகளை வரிசையாக அதன்மேல் நடத்தி, முடிவில் விளிம்புகளுக்கு உள்ளே இருப்பதை மட்டும் காட்டுகிறது. வேகத்துக்காக முன்பே தயாரித்த பார்வைப் பிரதிகளைக் கையில் வைத்திருக்கும் என்றாலும், அவையும் இதே வழியில் பிறந்தவைதான். சில மாதம் கழித்து வந்து R விசையை அழுத்தி கிராப் கருவியைத் திறக்கிறீர்கள். மென்பொருள் விளிம்பு வரிகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து முழுப் படத்தையும் காட்டுகிறது. கட்டத்துக்கு வெளியே உள்ள பகுதி மங்கலாகத் தெரிகிறது. வலது விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கிறீர்கள். 0.916667 என்ற எண் 1 ஆகிறது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஓரம் இல்லாமல் போயிருந்தால் அல்லவா அதை மீட்க வேண்டும்? அது மூலக் கோப்பில் இருந்த இடத்தில் இருந்துகொண்டேயிருந்தது. அதைக் காட்டாதே என்று சொன்ன ஓர் எண்ணைத்தான் நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள்.

இதன் அருமை ஸ்டூடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கல்யாணக் குடும்பப் படத்தை எடுத்துக்கொள்வோம். 6000-க்கு 4000 என்ற அளவு 3:2 விகிதம். முதலில் 10×8 அங்குலச் சட்டத்துக்கு வேண்டும் என்கிறார்கள். அது 5:4 விகிதம். உயரத்தை முழுதாக வைத்துக்கொண்டால் அகலம் 5000 பிக்சல் ஆக வேண்டும். இரு பக்கமும் 500, 500 போகிறது. ஓரத்தில் நின்ற இரண்டு பேர் பாதி வெட்டுப்படுகிறார்கள், பரவாயில்லை என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தாயிற்று. ஆறு மாதம் கழித்து அதே குடும்பம் வருகிறது. “தம்பி, இதையே கொஞ்சம் பெரிசா, 12×8-ல போட்டுக் குடுங்க. ஓரத்துல எங்க சித்தப்பா நின்னாரே, அவரும் வரணும்.”

12×8 என்பது 3:2, அதாவது கேமரா எடுத்த விகிதமே. குறிப்பாக மட்டும் கிராப் செய்தவர் விளிம்புகளை 0-க்கும் 1-க்கும் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. 6000-க்கு 4000 முழுதாக இருக்கிறது, சித்தப்பாவும் இருக்கிறார். ஜேபெக்கின் மேலேயே சேமித்தவரிடம் இருப்பது 5000-க்கு 4000 மட்டும். அதிலிருந்து 3:2 எடுக்க வேண்டுமானால் அகலத்தைக் கூட்ட முடியாது, உயரத்தைத்தான் குறைக்க வேண்டும்; 5000-ஐ 1.5-ஆல் வகுத்தால் 3333. மேலும் கீழுமாக 667 பிக்சல் போகிறது. பின்வரிசையில் நிற்பவர்களின் தலைக்கு மேல் இருந்த இடம் போகிறது, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பாதங்கள் போகின்றன, சித்தப்பாவும் வரவில்லை. பிரிண்டின் தெளிவுக்கு இதில் குறை எதுவும் இல்லை. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் 12×8-க்கு 3600-க்கு 2400 போதும். ஆனால் படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை எத்தனை பிக்சல் இருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

சாய்வைச் சரிசெய்யும்போது இந்த முறையின் பயன் இன்னும் கூடுதலாகத் தெரியும். கடற்கரையில் எடுத்த படத்தில் அடிவானம் 3 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தைச் சுழற்றினால் நான்கு மூலைகளிலும் வெற்று முக்கோணங்கள் வரும். அவை தெரியாதபடி, அதே 3:2 விகிதத்தில் உள்ளே பொருந்தும் மிகப் பெரிய கட்டத்தை எடுத்தால் கிடைப்பது சுமார் 5570-க்கு 3710. வெறும் 3 டிகிரிக்குப் படத்தின் பரப்பில் ஏறக்குறைய 14 சதவீதம் போய்விடுகிறது. ஜேபெக்கிலேயே சுழற்றிச் சேமித்துவிட்டு, மறுநாள் பார்த்து, 3 அதிகம், 2 போதும் என்று தோன்றினால், சேமித்த படத்தை எதிர்த்திசையில் 1 டிகிரி சுழற்ற வேண்டியிருக்கும். அப்போது போன 14-க்கு மேல் இன்னொரு பங்கும் போகும். தவிர, சுழற்றும்போதெல்லாம் ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சல்களின் சராசரியிலிருந்து புதிதாகக் கணக்கிடப்படுகிறது. கூந்தல் இழை, சேலைச் சரிகை போன்ற நுண்ணிய கோடுகள் ஒவ்வொரு முறையும் சற்று மழுங்கும். குறிப்பாக வைத்திருந்தால் `CropAngle` வரியில் உள்ள எண் மட்டும் மாறும். பத்து முறை மாற்றினாலும் கணக்கு எப்போதும் மூலத்திலிருந்து ஒரே முறைதான் நடக்கும்.

போட்டோஷாப் இதையே வேறு வழியில் செய்கிறது. அங்கே கிராப் கருவியை எடுத்ததும் மேலே உள்ள பட்டையில் Delete Cropped Pixels என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் ஓரங்கள் உண்மையிலேயே அழியும். டிக்கை எடுத்துவிட்டு கிராப் செய்தால், படத்தாளின் எல்லை மட்டும் சுருங்கும். அதன்மேல் கிடக்கும் லேயர் பழைய அளவிலேயே எல்லைக்கு வெளியே நீண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தையற்காரர் மிச்சத் துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்துத் தைப்பதுபோல இது. பிறகு தையலைப் பிரித்துவிட வேண்டுமானால் Image மெனுவில் Reveal All என்பதைத் தேர்ந்தால், மறைந்திருக்கும் பகுதி எவ்வளவோ அந்த அளவுக்குப் படத்தாள் விரியும். கிம்ப் மென்பொருளிலும் கிராப் கருவியின் தேர்வுகளில் இதே மாதிரிப் பெட்டி உண்டு. அங்கே திரும்பப் பெற Image மெனுவில் Fit Canvas to Layers.

லைட்ரூம் வழிக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. லைட்ரூமில் ஓரங்கள் தனியான மூலக் கோப்பில் இருக்கின்றன. நீங்கள் என்ன தவறு செய்தாலும் அந்தக் கோப்பு உள்ளவரை அவை பத்திரம். போட்டோஷாப்பில் ஓரங்கள் இருப்பது நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் அதே கோப்புக்குள். ஆகவே அந்தக் கோப்பை எப்படிச் சேமிக்கிறீர்கள் என்பதில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது. லேயர்களைத் தாங்கும் `.psd` ஆகச் சேமித்தால் ஓரங்களும் உடன் போகும். கிம்ப்பில் அதற்கு `.xcf`. ஜேபெக்காகச் சேமித்தால் எல்லைக்கு உள்ளே தெரிவது மட்டும் போகும், ஏனென்றால் எல்லைக்கு வெளியே எதையும் வைத்திருக்க ஜேபெக்கில் இடமே இல்லை. லேயர்களையெல்லாம் ஒன்றாக்கும் Flatten Image கட்டளையும் வெளியே நீண்டதை வெட்டிவிடும். இது பலருக்குத் தெரியாமலே நடக்கிறது; கோப்பு கனமாக இருக்கிறதே என்று கடைசியில் Flatten செய்துவிட்டு, `.psd` ஆகத்தானே சேமித்தேன், ஓரம் எங்கே என்று தேடுவார்கள்.

ஓரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போட்டோஷாப்பில் ஒரு எளிய சோதனை உண்டு. Move கருவியை எடுத்து லேயரைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். மறைந்திருந்த காட்சி உள்ளே நகர்ந்து வந்தால் ஓரம் இருக்கிறது. அங்கே காலியாக வந்தால் போய்விட்டது. பார்த்ததும் Undo செய்துவிடலாம். கிராப் செய்த பிறகும் கோப்பின் கனம் குறையவில்லை என்றால் அதுவும் ஓர் அடையாளம். மூலத்தை வைத்துக்கொள்ளும் எந்த முறையிலும் வட்டில் இடம் மிச்சமாகாது. இடத்துக்காக கிராப் செய்கிறவருக்கு இந்த முறை உதவாது.

கைபேசியில் நடப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. ஐபோனின் போட்டோஸ் செயலியில் கிராப் செய்துவிட்டு Done அழுத்தினால், மூலப்படம் அப்படியே இருக்கும். திருத்தக் குறிப்பு ஒரு கோப்பாகும். மற்றவர்களுக்கு அனுப்பவும் வேகமாகக் காட்டவும் வெட்டிய படம் இன்னொரு கோப்பாகத் தயாராகும். சாதாரணமாக இந்த மூன்றும் ஒரே படமாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும். கம்பி வழியாக விண்டோஸ் கணினிக்கு இழுத்தால் குட்டு வெளிப்படும். `IMG_1234.JPG` என்பது முழுப் படம், `IMG_E1234.JPG` வெட்டியது, `IMG_1234.AAE` குறிப்பு. இந்த மூன்றாவது கோப்பு எதற்கு, திறக்கவே முடியவில்லையே என்று பலர் அழித்துவிடுகிறார்கள். அழித்தால் முழுப் படத்துக்கு ஒன்றும் ஆகாது. எங்கே வெட்டினீர்கள் என்ற நினைவு மட்டும் போகும். செயலிக்குள் இருக்கும்வரை Edit அழுத்தி கிராப்புக்குப் போய் ஓரத்தை இழுத்தால் போதும். எல்லாத் திருத்தங்களையும் ஒரேயடியாக விலக்க Revert இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளின் கேலரியிலும் இப்படி மூலத்துக்குத் திரும்பும் வசதி உண்டு. ஆனால் அந்த வசதி அந்தக் கைபேசிக்குள், அந்தச் செயலிக்குள் மட்டும்தான். வெட்டிய படத்தை வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்பி, பிறகு கைபேசியை மாற்றி, அவளிடமிருந்து திரும்ப வாங்கினால் கையில் வருவது தயாரான படம் மட்டும். அதன் பின்னால் மூலமும் இல்லை, குறிப்பும் இல்லை.

குறிப்பாக வைக்கும் முறையில் முதலில் குழப்பம் தருவது இதற்கு நேர்மாறான ஒன்று: வெட்டியது வெட்டியதாகத் தெரியாமல் போவது. லைட்ரூமில் ஒரு ஜேபெக் படத்தை கிராப் செய்துவிட்டு, கோப்புறையிலிருந்து அதே ஜேபெக்கை எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறார் ஒருவர். போய்ச் சேர்வது முழுப் படம். அவர் செய்த கிராப் லைட்ரூமின் தரவுத்தளத்தில் இருக்கிறது. கோப்பின் தலைப்பகுதியில் அந்த ஆறு வரிகள் எழுதப்பட்டிருந்தாலும், பெறுபவரின் மென்பொருள் அவற்றைப் படிக்கத் தெரியாததாக இருந்தால் முழுப் படத்தைத்தான் காட்டும். வெளியே கொடுக்க வேண்டிய படத்தை Export செய்தாக வேண்டும். அப்போதுதான் குறிப்புகள் எல்லாம் உண்மையிலேயே நடத்தப்பட்டு, வெட்டிய புதிய கோப்பு பிறக்கிறது. இருட்டறையில் பிரிண்ட் போடுவதற்கு இணையான கட்டம் இதுதான். பிரிண்டிலிருந்து நெகட்டிவைப் பெற முடியாததுபோல, Export செய்த கோப்பிலிருந்து ஓரம் கிடைக்காது. வட்டில் இடமில்லை என்று ரா கோப்புகளை அழித்துவிட்டு Export செய்தவற்றை மட்டும் வைத்துக்கொள்வது, நெகட்டிவை எரித்துவிட்டு பிரிண்டை வைத்துக்கொள்வதற்குச் சமம்.

குறிப்பு தொலைவதும் உண்டு. ரா கோப்பை வேறு வட்டுக்கு நகர்த்தும்போது பக்கத்தில் இருந்த `.xmp`-ஐ விட்டுவிட்டால், புதிய இடத்தில் படம் வெட்டப்படாததாக, திருத்தப்படாததாகத் திறக்கும். பார்ப்பவர் பதறுவார். இழந்தது அவர் செய்த வேலையைத்தான், படத்தை அல்ல. வெட்டிச் சேமிக்கும் முறையில் தவறு நேர்ந்தால் படம் போகும், குறிப்பு முறையில் தவறு நேர்ந்தால் வேலை போகும். வேலையை ஒரு மாலையில் மறுபடி செய்துவிடலாம் என்பதால் நான் இரண்டாவதையே விரும்புகிறேன்.

எந்த மென்பொருளாலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று இருக்கிறது: கேமரா பதிந்த இடத்தோடு ஓரம் முடிகிறது. கைபேசியில் 2 மடங்கு டிஜிட்டல் ஜூம் வைத்து எடுத்தால், சென்சாரின் நடுப்பகுதி மட்டும் எடுக்கப்பட்டுப் படமாகிறது. சேமிக்கும் ஜேபெக்கில் சுற்றுப்புறம் இருக்காது. படத்தைச் சதுரமாக எடு என்று கேமராவில் அமைத்தாலும் ஜேபெக்குக்கு இதே கதைதான். ஆனால் ரா வடிவில் எடுக்கும் பல கேமராக்கள், சதுரம் என்பதை ஒரு குறிப்பாக மட்டும் எழுதிவிட்டு, சென்சார் முழுதும் பதிந்ததைக் கோப்பில் வைக்கின்றன. அத்தகைய படத்தை லைட்ரூமில் திறந்து கிராப் கருவியைத் தொட்டால், எடுத்தவரே பார்த்திராத இரண்டு ஓரங்கள் வெளியே வரும். கேமரா, மென்பொருளுக்கு முன்பே அதே தந்திரத்தைச் செய்திருக்கிறது.

ஓரம் போகாமல் இருப்பது எப்போதும் நமக்கு நன்மையாகவே முடிவதில்லை. சிலர் கிராப் செய்வதே மறைக்கத்தான்: பக்கத்தில் நின்ற குழந்தையின் முகம், மேசைமேல் கிடந்த வங்கிக் கடிதம், வீட்டுக் கதவிலக்கம். அவற்றை வெட்டிவிட்டு `.psd` கோப்பையே அனுப்பினால், பெறுபவர் Reveal All அழுத்தி எல்லாவற்றையும் பார்க்கலாம். ஐபோனில் ஏர்டிராப் வழியாக அனுப்பும்போது Options-ல் All Photos Data என்பதை இயக்கியிருந்தால், மூலமும் திருத்த வரலாறும் சேர்ந்தே போகும். அங்கே Revert வேலை செய்யும். வேர்டிலும் பவர்பாயிண்டிலும் செருகிய படத்தைக் கிராப் செய்தாலும் இதுவே நடக்கிறது. விலக்கிய பகுதி ஆவணத்துக்குள் இருந்துகொண்டேயிருக்கும். யார் வேண்டுமானாலும் Crop அழுத்தி ஓரத்தை இழுத்துப் பார்க்கலாம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு சம்பவமும் உண்டு. 2023 மார்ச்சில் சைமன் ஏரன்ஸ், டேவிட் புக்கனன் என்ற இருவர், கூகுள் பிக்சல் கைபேசிகளின் மார்க்கப் கருவியில் இருந்த ஒரு பிழையை வெளியிட்டார்கள். அதற்கு ‘ஏக்ராப்பலிப்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அந்தக் கருவி ஓரத்தை உண்மையிலேயே அழிக்க வேண்டியது. வைத்துக்கொள்ளும் எண்ணம் அதற்கு இல்லை. ஆனால் வெட்டிய சிறிய படத்தைப் பழைய பெரிய கோப்பின் மேல் எழுதும்போது, பழைய கோப்பின் நீளத்தைக் குறைக்க மறந்துவிட்டது. புதிய படம் முடிந்த இடத்துக்குப் பின்னால் பழைய படத்தின் வால் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. படம் பார்க்கும் மென்பொருள்கள் வாலைக் கண்டுகொள்ளவில்லை. அந்த வாலை எடுத்துச் சுருக்கத்தைப் பிரித்தால் வெட்டிய திரைப்படிமத்தின் ஒரு பகுதி திரும்ப வந்தது. சில நாட்களுக்குள் விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே வகைப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் பிறகு சரிசெய்யப்பட்டன. ஆனால் அதற்கு முன் வெட்டி, அப்படியே பகிரப்பட்ட கோப்புகளை எந்தப் புதுப்பிப்பும் திருத்த முடியாது.

இந்தப் பிழையின் நிலையும் லைட்ரூமின் குறிப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம், இரண்டிலும் ஓரம் திரும்புகிறதே என்று. ஒன்றில் மூலம் தன் இடத்தில் முழுதாக இருக்கிறது, எந்த எண்ணை மாற்றினால் என்ன வரும் என்பது நமக்குத் தெரியும், வெளியே போகும் பிரதியில் அது இருக்காது. மற்றதில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, இருப்பதோ வெளியே போகக் கூடாத பிரதியில்.

ஆகவே மறைப்பதற்காக வெட்டும்போது வேலையின் முடிவில் இன்னொரு படி சேர்க்க வேண்டும். உங்கள் கோப்புறையில் மூலமும் குறிப்பும் இருக்கட்டும். அனுப்பும் பிரதியை லைட்ரூமிலிருந்தோ போட்டோஷாப்பிலிருந்தோ புதிய பெயரில் ஜேபெக்காக Export செய்யுங்கள். அந்தப் பிரதியைத் தனியாகத் திறந்து, அதன் அகலமும் உயரமும் வெட்டிய அளவுக்குச் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். வேர்டிலும் பவர்பாயிண்டிலும் படத்தைத் தேர்ந்து, Picture Format-ல் Compress Pictures-ஐத் திறந்தால், Delete cropped areas of pictures என்ற பெட்டி இருக்கும். அதில் டிக் வைத்து, ஆவணத்தைச் சேமித்து மூடியபின் மறுபடி திறந்து Crop அழுத்திப் பாருங்கள். கட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் அந்த ஆவணத்தை அனுப்பலாம்.